குனிந்து கணக்குச் செய்ததற்குச் சிவப்புக் கோடு: கல்விச்சபைக்குக் கடிதம் எழுதிய அனுபவம்

என் மகளுக்கு 15 வயது. பத்தாம் வகுப்புக் கணிதத்தை இணையவழியில் எடுத்திருந்தாள். ஒன்ராறியோவில் உயர்பள்ளி முடிப்பதற்கு இரண்டு பாடங்களை இணையத்தில் படித்திருக்க வேண்டும். பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு, ஆனால் அவளுக்கு அது விருப்பமாகவே இருந்தது. ஜனவரிக் கடைசியில் இறுதித் தேர்வு. வீட்டிலிருந்தே எழுதலாம், கமெரா வழியாக ஒரு மென்பொருள் கண்காணிக்கும் என்று அறிவித்தல் வந்தது. நானும் வாசித்துவிட்டு ஒரு சதுரத்தில் சரி அடையாளம் போட்டேன்.

நாங்கள் ஸ்காபரோவில் ஒரு நிலக்கீழ் வீட்டில் இருக்கிறோம். பெரிய அறை ஒன்றுதான். அதில் ஒரு பக்கம் மகளின் மேசை, மறுபக்கம் அம்மாவின் கட்டில். அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து சத்திரசிகிச்சை செய்த பிறகு அதிகம் நடமாட்டம் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் மருந்துப் போத்தல்கள், கழிப்பறை வசதியுள்ள கதிரை, மாற்றுடுப்புகள் எல்லாம் இருக்கும்.

தேர்வு தொடங்கும்போது நான் குசினியில் நின்றேன். முதலில் பள்ளி அடையாள அட்டையைக் கமெராவுக்குக் காட்டினாள். அடுத்து, அறை முழுவதையும் சுற்றிக் காட்டச் சொல்லித் திரையில் வந்தது. மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மெல்ல மெல்லச் சுற்றினாள். அது கட்டில் பக்கம் திரும்பியதும் அம்மா அவசரமாகப் போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு கேட்டார்: "ஆர் பிள்ளை பாக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை அம்மம்மா, கொம்பியூட்டர்தான்."

அந்தப் பதில் சரியில்லை என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த வீடியோ ஒரு தனியார் நிறுவனத்தின் சேர்வரில் போய் நின்றது. ஆசிரியர் விரும்பினால் பார்க்கலாம். வேறு யார் பார்க்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

மூன்று நாள் கழித்து ஈமெயில் வந்தது. மகளின் தேர்வு மேலதிகப் பரிசீலனையில் இருக்கிறது, அது முடியும்வரை புள்ளிகள் நிறுத்திவைக்கப்படும் என்று இரண்டே வரி. மகள் அன்றிரவு சாப்பிடவில்லை. "நான் ஒண்டும் செய்யேல்லை அம்மா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்கு அது தெரியும். ஆனால் அவள் என்ன செய்ததாக அவர்கள் நினைக்கிறார்கள் என்பது எங்கள் இருவருக்குமே தெரியாது.

அன்றிரவே மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இது உளவு, சட்டவிரோதம், நிறவெறி, இதற்கு நான் சம்மதம் தரவில்லை என்று அத்தனையும் எழுதினேன். 2022 இல் அமெரிக்காவின் கிளீவ்லண்டில் ஒரு பல்கலைக்கழக மாணவர் தன் படுக்கையறையைக் கமெராவில் காட்டச் சொன்னது அரசியல் சாசனத்துக்கு முரண் என்று வழக்குப் போட்டு வென்ற செய்தியையும் சேர்த்திருந்தேன். அனுப்புவதற்கு முன் ஒரு தோழிக்குக் காட்டினேன். அவர் சட்ட அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறார். வாசித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, இதுக்கு அவை 'உங்கள் கருத்துக்கு நன்றி' எண்டு பதில் போடுவினம். அவை பதில் சொல்லியே தீரவேண்டிய கேள்வி ஒண்டாவது இதிலை இருக்கா?"

இல்லை. கிளீவ்லண்ட் தீர்ப்பு அந்த நாட்டு அரசியல் சாசனத்தின் நான்காம் திருத்தத்தில் நிற்பது, ஒன்ராறியோக் கல்விச்சபையை அது கட்டுப்படுத்தாது. அதைவிட என்னைத் திகைக்க வைத்தது சம்மதம் பற்றி அவர் சொன்னது. இங்கே கல்விச்சபைகளுக்குப் பொருந்துவது உள்ளூராட்சித் தகவல் சுதந்திர, தனியுரிமைப் பாதுகாப்புச் சட்டம். எல்லாரும் 'எம்ஃபிப்பா' என்பார்கள். அந்தச் சட்டத்தின்படி சபை ஒருவரின் தகவலைச் சேகரிப்பது அவருடைய சம்மதத்தில் தங்கியிருப்பதில்லை. சட்டம் அனுமதித்த ஒரு பணியைச் சரிவர நடத்த அந்தத் தகவல் அவசியமா என்பதுதான் அளவுகோல். ஆகவே "நான் சம்மதிக்கவில்லை" என்ற என் வரிக்குப் பெரிய பலம் கிடையாது. அதேபோல், நான் போட்ட சரி அடையாளத்தைக் காட்டி "நீங்கள் சம்மதித்தீர்களே" என்று அவர்களும் தப்ப முடியாது. அந்த மூன்று பக்கத்தையும் தூக்கி வைத்துவிட்டேன்.

முதலில் செய்தது ஒரு சின்ன வேலை. பள்ளி அதிபருக்கும் ஆசிரியருக்கும் நாலு வரியில் ஈமெயில் போட்டேன். இந்தத் தேர்வின் வீடியோ, ஒலிப்பதிவு, மென்பொருள் தந்த அறிக்கை எதையும் அழிக்கவேண்டாம், பரிசீலனை முடியும்வரை பாதுகாத்து வையுங்கள், நானும் மகளும் அதைப் பார்க்க விரும்புகிறோம் என்று எழுதினேன். இப்படியான பதிவுகள் குறித்த காலம் கழிந்ததும் தானாகவே அழிக்கப்படும்படிதான் பெரும்பாலும் அமைத்திருப்பார்கள். அழிந்துபோனால் பிறகு நாங்கள் எதைக் காட்டி வாதாடுவது?

அதே கிழமை சபையின் தகவல் சுதந்திர அலுவலகத்துக்கு எழுத்தில் ஒரு விண்ணப்பமும் கொடுத்தேன். கட்டணம் 5 டொலர், பதில் தர அவர்களுக்கு 30 நாள். பிள்ளை 16 வயதுக்குக் கீழே என்றால் அவரைப் பராமரிக்கும் பெற்றோர் பிள்ளையின் சார்பில் கேட்கலாம். 16 ஆகிவிட்டால் பிள்ளைதான் கையொப்பம் வைக்கவேண்டும். மகளுக்கு 16 ஆக இன்னும் ஐந்து மாதம் இருந்தது.

30 நாள் காத்திருக்கத் தேவை வரவில்லை. ஆசிரியர் எங்களைப் பள்ளிக்கு அழைத்தார். நல்ல பெண். அவரே ஒளிக்காமல் சொன்னார், வீடியோவை அவர் முழுக்கப் பார்க்கவில்லையாம். மென்பொருள் மகளின் பெயருக்கு நேரே சந்தேக அளவு 'உயர்' என்று போட்டிருந்தது. உயர் என்று வந்தால் புள்ளியை நிறுத்திவைக்கும்படி அவருக்கு அறிவுறுத்தல். மூன்று வகுப்புகளின் வீடியோக்கள் அவர் தலையில், ஒவ்வொன்றும் 90 நிமிடம்.

வீடியோவைத் திறந்து காட்டினார். திரையின் அடியில் ஒரு நீளக்கோடு. அதில் மென்பொருள் சந்தேகப்பட்ட இடங்களில் சிவப்புக் கீறல்கள். மொத்தம் 14. ஒன்பது இடங்களில் 'முகம் தெரியவில்லை', மூன்று இடங்களில் 'வேறு குரல்', இரண்டு இடங்களில் 'பார்வை திரையை விட்டு விலகியது'.

நாங்கள் மூவரும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். முதல் கீறல்: மகள் குனிந்து தாளில் எழுதுகிறாள். கமெராவுக்குத் தெரிவது அவளுடைய உச்சந்தலை வகிடு மட்டும். இருபடிச் சமன்பாடு ஒன்றைத் தாளில் செய்து பார்க்கிறாள், 40 விநாடி. வெறுந்தாள் வைத்திருக்கலாம் என்று தேர்வு அறிவுறுத்தலிலேயே எழுதியிருக்கிறது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. ஆறு கீறல்கள் இப்படிக் கணக்குச் செய்ததற்காக விழுந்தவை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது. கவனமாகத் தாளில் செய்து பார் என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

'வேறு குரல்' என்பது அம்மாவின் காலைத் தேவாரம். படுத்தபடியே மெல்லிய குரலில் பாடுவார். பார்வை விலகிய இரண்டு இடமும், அம்மா இருமியபோது மகள் திரும்பிப் பார்த்தவை.

மிச்சம் மூன்று 'முகம் தெரியவில்லை' தான் விளங்கவில்லை. அந்த இடங்களில் அவள் நிமிர்ந்து நேராகத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். எங்கள் கண்ணுக்கு முகம் தெரிகிறது, கொஞ்சம் இருட்டாக. மூன்றும் 10:12 இற்கும் 10:40 இற்கும் இடையில். நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்தேன்.

அந்த மேசையில் இருக்கும்போது மகளின் முதுகுக்குப் பின்னால், சுவரின் உச்சியில் ஒரு சின்ன ஜன்னல் இருக்கிறது. நிலமட்டத்தில் இருப்பதால் வெளியே பனி குவிந்து கிடப்பது தெரியும். வெயில் நன்றாக எறித்த ஒரு நாளில் அதே நேரம் மகளை அதே கதிரையில் இருத்தி, மடிக்கணினியின் கமெராவைத் திறந்து பார்த்தேன். பத்து மணி தாண்டியதும் பனியில் பட்ட வெயில் ஜன்னல் வழியாக வெள்ளையாக அடித்தது. கமெரா அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொண்டது. மகளின் முகம் திரையில் கரிய நிழலாகிவிட்டது. ஒரு வெள்ளைத் துவாயால் ஜன்னலை மறைத்தேன், உடனே முகம் திரும்ப வந்தது. மகள் என் நிறம், நல்ல கறுப்பு. நாங்கள் வாடகை கொடுக்கும் மேல்வீட்டுக்காரரின் மகன் வெளிறிய நிறம். அவனையும் துவாய் இல்லாமல் அதே கதிரையில் இருத்திப் பார்த்தேன். முகம் மங்கியது, ஆனால் கண்ணும் மூக்கும் பிரித்துத் தெரிந்தன.

இது விஞ்ஞான ஆய்வு ஆகாது என்பதை நான் அறிவேன். அதனால்தான் கடிதத்தில் "நிறவெறி" என்று எழுதாமல், திகதி, நேரம், ஜன்னல், துவாய், இரண்டு படங்கள் என்று எழுதினேன். அதை வாசித்த எவரும் என்னிடம் "அப்படி இருக்காது" என்று சொல்லவில்லை.

கடிதத்தை எங்கள் பகுதிச் சபை உறுப்பினருக்கும், பள்ளிகளுக்குப் பொறுப்பான கண்காணிப்பாளருக்கும், சபையின் தனியுரிமை அலுவலருக்கும் ஒன்றாக அனுப்பினேன். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் அவர் மற்றவருக்கு அனுப்பிவிட்டதாகச் சொல்லுவார். ஆங்கிலத்தில் எழுதியதன் முக்கிய பகுதியைத் தமிழில் தருகிறேன்:

"என் மகளின் தேர்வில் விழுந்த 14 அடையாளங்களையும் ஆசிரியருடன் இருந்து பார்த்தேன். ஆறு, அனுமதிக்கப்பட்ட தாளில் அவள் கணக்குச் செய்த நேரம். ஐந்து, ஒரே அறையில் வாழும் நோயாளியான பாட்டி சம்பந்தப்பட்டவை. மூன்று, ஜன்னல் வெளிச்சத்தால் கமெரா அவளுடைய முகத்தைத் தவறவிட்ட நேரம், படங்களை இணைத்திருக்கிறேன். பதினான்கில் ஒன்றுகூட மோசடிக்குச் சான்றாகவில்லை. ஆயினும் எந்த மனிதரும் வீடியோவை முழுக்கப் பார்க்கும் முன்பே அவளுடைய புள்ளிகள் நிறுத்தப்பட்டன.

"தகவலைச் சேகரிக்கும்போது அதற்கான சட்ட அதிகாரம் எது, முக்கிய நோக்கம் எது, கேள்விகளுக்குப் பதில் தரக்கூடிய அலுவலர் யார் என்ற மூன்றையும் சபை அறிவிக்கவேண்டும் என்று சட்டத்தின் 29 ஆம் பிரிவு சொல்கிறது. எனக்கு வந்த படிவத்தில் நிறுவனத்தின் நிபந்தனைகளுக்கு ஒரு இணைப்பு மட்டுமே இருந்தது. இந்த மூன்றும் எங்கே அறிவிக்கப்பட்டன?

"அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னதால், தேர்வுக்குத் தொடர்பே இல்லாத என் தாயாரும் அவருடைய மருந்துகளும் படுக்கையும் பதிவாகின. ஒரு கணிதத் தேர்வை நடத்த இது எவ்வகையில் அவசியம்?

"இந்தப் பதிவுகளை நிறுவனம் தன் மென்பொருளை மேம்படுத்தப் பயன்படுத்த முடியுமா? ஒப்பந்தத்தில் அதைத் தடுக்கும் வாசகம் எது? பதிவுகள் எப்போது அழிக்கப்படும்?

"நான் கேட்பது: புள்ளியை நிறுத்தும் முன் ஆசிரியர் வீடியோவைப் பார்த்துக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். அறை காட்டுவதை நிறுத்தவேண்டும். விரும்பும் மாணவர் பள்ளியில் ஆசிரியர் முன்னிலையில் எழுத இடம் தரவேண்டும், அதற்குக் காரணம் கேட்கக்கூடாது."

கடைசி வரியை மகள்தான் சேர்க்கச் சொன்னாள். காரணம் சொல்லவேண்டி வந்தால் வகுப்பில் எல்லாருக்கும் வீட்டு நிலைமை தெரிந்துவிடும் என்றாள்.

இந்தக் கேள்விகள் எனக்கு வானத்திலிருந்து வரவில்லை. ஹமில்ரன் நகரில் இருக்கும் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகம் இதே வகையான மென்பொருளைப் பாவித்ததைப் பற்றி ஒருவர் முறையிட, ஒன்ராறியோவின் தகவல், தனியுரிமை ஆணையாளர் அலுவலகம் விசாரித்து 2024 பெப்ரவரியில் அறிக்கை வெளியிட்டது. தோழி அதை எனக்கு அனுப்பினார். நீளமானது, இரண்டு இரவு இருந்து வாசித்தேன். அந்த மென்பொருளை அது தடைசெய்யவில்லை. தேர்வு நடத்தத் தேவையானது என்ற அளவில் பெரும்பாலான சேகரிப்பை அது ஏற்றுக்கொண்டது. ஆனால் மாணவர்களுக்குக் கொடுத்த அறிவித்தல் போதாது என்றும், நிறுவனம் மாணவர்களின் தகவலைத் தன் சேவையை மேம்படுத்தப் பயன்படுத்துவது சட்டத்துக்கு ஒவ்வாது என்றும் கண்டது. செயற்கை நுண்ணறிவின் பாதிப்பை முன்கூட்டியே மதிப்பிடுவது, பாதிக்கப்படக்கூடியவர்களிடம் கலந்து பேசுவது, மனித மேற்பார்வையைப் பலப்படுத்துவது போன்ற பரிந்துரைகளும் அதில் உண்டு.

பல்கலைக்கழகத்துக்குப் பொருந்துவது மாகாணச் சட்டம், சபைக்குப் பொருந்துவது அதன் உள்ளூராட்சித் தம்பி. ஆனால் சேகரிப்பு, அறிவித்தல் பற்றிய விதிகள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே வாசகம், விசாரிப்பதும் ஒரே ஆணையாளர். "சட்டவிரோதம்" என்று கத்தியிருந்தால் இதே அறிக்கையை எடுத்துக்காட்டி என் வாயை அடைத்திருப்பார்கள். அறிவித்தல், நிறுவனத்தின் பயன்பாடு, மனிதப் பார்வை என்ற மூன்று இடத்தில் பிடித்ததால்தான் கடிதம் நின்றது.

இன்னொன்றும் இணைத்தேன். நெதர்லாந்தின் ற்வென்ரே பல்கலைக்கழகத்தில் 30 மாணவர்களை வைத்து ஒரு பரிசோதனை செய்தார்கள். அவர்களில் ஆறு பேரை வேண்டுமென்றே மோசடி செய்யச் சொன்னார்கள். மென்பொருள் அந்த ஆறு பேரில் ஒருவரையும் அடையாளம் காணவில்லை. பதிவுகளைப் பார்த்த மனிதர்கள் பிடித்ததும் ஒருவரை மட்டுமே. சிறிய ஆய்வு என்பதையும் கடிதத்தில் சொல்லிவிட்டேன். நாங்களே குறையைச் சொல்லிவிட்டால் மற்றவர் அதைப் பிடித்துக்கொள்ள இடமிராது. "கண்காணிப்பு இல்லாவிட்டால் பிள்ளைகள் களவாக எழுதுவார்களே" என்று கேட்பவர்களுக்கு அது உதவும் என்று நினைத்தேன். களவு எழுதும் பிள்ளையின் கைத்தொலைபேசி கமெராவின் வட்டத்துக்கு வெளியே இருக்கும். குனிந்து கணக்குச் செய்யும் பிள்ளைதான் வட்டத்துக்குள் அகப்படுகிறது.

சபைக் கூட்டத்தில் பேசவும் பெயர் கொடுத்தேன். எங்கள் சபையில் 5 நிமிடம் தந்தார்கள். மகளைப் பேசவிடலாமா என்று யோசித்தேன், அவள் மறுத்தாள், வற்புறுத்தவில்லை. நானே இரண்டு படங்களையும் காட்டினேன், துவாய் இல்லாமல் ஒன்று, துவாயோடு ஒன்று. மகளின் முகத்தை மறைத்து, ஜன்னலும் நிழலும் மட்டும் தெரியும்படி வெட்டியிருந்தேன். பிள்ளையின் தனியுரிமைக்காகப் பேசப்போய் அவளுடைய முகத்தைப் பொதுத் திரையில் போடுவது சரியாகாது. படத்தைப் பார்த்ததும் ஒரு உறுப்பினர் தன் பேரனும் நிலக்கீழ் வீட்டில்தான் இருக்கிறான் என்றார். அதன்பிறகு கேள்விகள் என்னை விட்டு அதிகாரிகள் பக்கம் திரும்பின.

மகளின் புள்ளிகளை ஆசிரியர் அந்தக் கூட்டத்துக்கு முன்பே விடுவித்துவிட்டார், 84. ஆறு கிழமைக்குப் பிறகு சபையிலிருந்து எழுத்தில் பதில் வந்தது. அறையைச் சுற்றிக் காட்டும் பகுதியை எல்லாப் பள்ளிகளுக்கும் நிறுத்திவிட்டார்கள். மென்பொருளின் மதிப்பீட்டை மட்டும் வைத்துப் புள்ளியை நிறுத்தக்கூடாது, ஆசிரியர் பார்த்துக் காரணம் எழுதவேண்டும் என்று அறிவுறுத்தல் போயிருக்கிறது. அறிவித்தல் படிவம் திருத்தப்படுகிறது. பள்ளியில் வந்து எழுத விரும்புவோர் இரண்டு கிழமைக்கு முன் சொன்னால் போதும், காரணம் தேவையில்லை.

மென்பொருள் அப்படியே இருக்கிறது. அதை எடுக்கச் சொல்லி வேறு பெற்றோர் கேட்டிருக்கிறார்கள், அவர்களுடைய மனுவிலும் கையொப்பம் வைத்திருக்கிறேன். ஒப்பந்தத்தைப் பற்றி நான் கேட்ட கேள்விக்கு "வணிக இரகசியம்" என்று மட்டும் பதில். அதனால் ஒப்பந்தத்தின் பிரதியைத் தனியாக 5 டொலர் கட்டிக் கேட்டேன். பாதிப் பக்கங்கள் கறுப்பு மையால் மறைத்து வந்தன. மறைத்த பக்கங்களில் தகவலை நிறுவனம் எதற்குப் பயன்படுத்தலாம் என்ற பகுதியும் ஒன்று. முடிவு கிடைத்து 30 நாளுக்குள் ஆணையாளருக்கு மேன்முறையீடு செய்யவேண்டும். இப்படியான பொது ஆவணத்துக்குக் கட்டணம் 25 டொலர். போன செவ்வாய்க்கிழமை காசோலையை அனுப்பினேன்.

ஜூன் தேர்வை மகள் பள்ளி நூலகத்தில் எழுதினாள். அன்று காலை அவள் சப்பாத்துப் போடும்போது அம்மா கட்டிலில் இருந்து கேட்டார், இண்டைக்கு வீட்டிலை சோதினை இல்லையா என்று. இல்லை என்றதும் தேவாரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே தொடங்கினார்.